மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் படியுங்கள்

கேள்வி: கோவையில் ஃப்ரீலான்ஸ் முறையில் பேக்கேஜிங் வடிவமைப்பு செய்கிறேன். தின்பண்ட நிறுவனம் ஒன்று எட்டு பாக்கெட் உறைகளுக்கு 1,20,000 ரூபாய் பேசி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. முன்பணம் 20 சதவீதம். மீதி, ‘நிறுவனம் திருப்தியுற்று ஏற்றுக்கொண்ட பின்’ 60 நாளில். படைப்பு ‘உருவானவுடனேயே’ நிறுவனத்துக்குச் சொந்தம். ஏழு நாள் நோட்டீஸில் அவர்கள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதுள்ள வடிவில் போடாதீர்கள். மூன்று பிரிவுகளும் தனித்தனியே பார்த்தால் வழக்கமானவைதான். ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு உறைகளை முடித்து அனுப்பிவிட்டீர்கள், அவர்கள் இன்னும் ‘திருப்தி’ என்று எழுதித் தரவில்லை, அந்த நிலையில் ரத்து நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறை ஒன்றுக்கு 15,000 வீதம் உங்கள் உழைப்பு 90,000 ரூபாய்; கையில் இருப்பது முன்பணம் 24,000 மட்டும். ஆறு உறைகளும் ஏற்கெனவே அவர்களுடையவை. பாக்கி 66,000 ரூபாயைக் கேட்க, ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பிடிமானமாக ஒரு வரிகூட இல்லை.

முதலில் மாற்ற வேண்டியது உரிமைப் பிரிவு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியரின் படைப்பு பொதுவாக முதலாளியைச் சேரும். உங்களைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர் வரையும் வடிவமைப்புக்கு அவரே முதல் உரிமையாளர். நிறுவனத்துக்கு அது போக வேண்டுமானால் நீங்கள் கையெழுத்திட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். அவர்கள் உங்கள் கையெழுத்தைக் கேட்பதே அதற்காகத்தான். ‘உருவானவுடனேயே’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘அந்தந்த உறைக்குரிய தொகை முழுவதும் வந்து சேர்ந்த நாளில்’ என்று எழுதச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்த நிலப்பரப்புக்கு என்பதையும் பாருங்கள்: ஒப்பந்தம் பேசாமல் விட்டிருந்தால் ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த புகைப்படமும் தீட்டிய ஓவியமும், மாறாக எழுதாதவரை, கேட்டவருக்கே முதலில் சொந்தம். உறையில் நீங்கள் தீட்டிய ஓவியமோ எடுத்த படமோ இருந்தால், அதன் உரிமையும் பணம் வந்த பிறகே மாறும் என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘திருப்தி’. யாருடைய திருப்தி, எத்தனை நாளுக்குள் என்று இல்லாத ஏற்பு, பணம் தருவதைத் தள்ளிப்போட நல்ல வசதி. ‘அனுப்பிய பத்து நாளுக்குள் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும், இரண்டு சுற்றுத் திருத்தம் இதில் அடங்கும்’ என்று கேளுங்கள். 60 நாளைப் பொறுத்தவரை, நீங்கள் மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாள் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். வேலை முடிந்து தகராறு வந்த பிறகு பதிந்துகொண்டவர்கள் வழக்கில் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள், ஆகவே கையெழுத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். (நீங்கள் இங்கே சேவை விற்பவர் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, இந்தச் சட்டத்தின் கீழுள்ள வசதியாக்கக் குழுவிடம்தான் முறையிட வேண்டும்.)

ரத்து செய்யும் உரிமையை நீக்க அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதற்காக மல்லுக்கட்டுவது வீண். ரத்தாகும் நாள்வரை முடித்த உறைகளுக்கு முழுத் தொகை, பாதியில் நிற்பவற்றுக்கு முடிந்த அளவுக்கான தொகை, இரண்டும் 15 நாளில் என்று சேர்க்கச் சொல்லுங்கள். ரத்து செய்யும் அதே உரிமை உங்களுக்கும் வேண்டும், குறிப்பாகத் தவணை தவறினால் வேலையை நிறுத்திவைக்கும் உரிமை. இவற்றை அவர்கள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, ஒப்பந்தத்திலேயே திருத்தி வாங்குங்கள்.

அதுவரையிலும், பணம் வரும் வரையிலும், பார்வைக்கு நீர்க்குறியிட்ட படக் கோப்பை மட்டும் அனுப்புங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.