கிரைம் நம்பரா, சி.சி. நம்பரா?

கேள்வி: "2023-ல் ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என் மகன் பெயரையும் சேர்த்து, ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று 294(பி), 323, 506(1) பிரிவுகளில் வழக்குப் போட்டுவிட்டார்கள். அப்போது அவனுக்கு 19 வயது. இப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டான். எம்.எஸ்சி. சேர வேண்டும், போலீஸ் தேர்வு எழுத வேண்டும், பாஸ்போர்ட்டும் புதுப்பிக்க வேண்டும். வழக்கு இருந்தால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?"

முதலில் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எப்.ஐ.ஆர். போட்டதும் காவல் நிலையத்தில் கிடைப்பது கிரைம் நம்பர். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் ஏற்ற பிறகு விழுவது சி.சி. நம்பர். மகன் பெயரையோ எப்.ஐ.ஆர். எண்ணையோ கொடுத்து இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடினால் தெரிந்துவிடும். கையில் இருப்பது வெறும் சி.எஸ்.ஆர். ரசீது என்றால் அது வழக்கே இல்லை. புகார் பெற்றதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டுக்கு இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்க வேண்டும் என்கிறது. விசாரணையில் இருக்கும் எப்.ஐ.ஆர். இதில் அடங்காது என்று வெளியுறவு அமைச்சகமே 2019-ல் தெளிவுபடுத்திவிட்டது. சி.சி. நம்பர் விழுந்திருந்தாலும் கதவு முழுக்க மூடிவிடாது. வழக்கு நடக்கும் அதே நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் மனுப் போட்டு அனுமதி உத்தரவு வாங்க வேண்டும். அதோடு, அழைக்கும்போது நீதிமன்றத்தில் ஆஜராவேன் என்ற உறுதிமொழியையும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இங்கே பலர் கோட்டைவிடுவது கால அளவில். 1993-ம் ஆண்டு அறிவிக்கைப்படி, உத்தரவில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். ஆகவே மனுவிலேயே எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டால், போலீஸ் விசாரணையில் விஷயம் வெளியே வரும். விளக்கம் கேட்டுக் கடிதமும் வரும். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது அந்தச் சட்டப்படி தனிக் குற்றம்.

எம்.எஸ்சி. பற்றிக் கவலை வேண்டாம். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகவே சேர்க்கையை மறுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. படித்த கல்லூரியின் நன்னடத்தைச் சான்றிதழ் சரியாக இருக்கட்டும். சேரும் கல்லூரியின் படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதட்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால்தான் போலீஸ் சான்றிதழில் சிக்கல் வரலாம்.

கடினமானது போலீஸ் வேலைதான். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, நன்னடத்தை விசாரணை நடக்கும் நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் தேர்வில் தேறியும் நியமனம் கிடைக்காது. பிறகு கௌரவமாக விடுதலையானாலும் அந்தப் பழைய தேர்வின் வேலையைக் கேட்க முடியாது, அடுத்த தேர்வில்தான் கலந்துகொள்ள வேண்டும். இன்னொரு முடிச்சும் உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுவித்தாலோ, அவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அந்த விதி கருதும். "எதிர்த்தரப்பிடம் பேசிச் சாட்சியை மாற்றிச் சொல்ல வைத்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

அதனால் தேர்வுக்கு முன்பே வழக்கை முடிக்கப் பாருங்கள். குற்றப்பத்திரிகை இன்னும் போகவில்லை என்றால் சம்பவ நாளிலிருந்து கணக்கிடுங்கள். உங்கள் பிரிவுகளில் அதிகபட்சத் தண்டனை 506(1)-க்கான 2 ஆண்டு. அதற்கு நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் ஏற்க 3 ஆண்டுதான் காலவரம்பு. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எதிர்த்தரப்பு உண்மையிலேயே சமாதானத்துக்கு வந்தால், 323-ஐயும் 506(1)-ஐயும் மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் செய்யலாம். 294(பி) மட்டும் அப்படி முடியாது. அதனால் முழு வழக்கையும் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போக வேண்டும். தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. ரத்தானால் பாஸ்போர்ட் தடை விலகும்.

ரத்தான பிறகும் வேலை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வழக்கு இருந்ததா' என்று கேட்டால் எழுதத்தான் வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உண்மையைச் சொன்னவரின் வழக்கு அற்பமானதா என்று வேலை தருபவர் பரிசீலிக்கலாம், மறைத்தால், அந்த மறைப்பே வேலையை ரத்து செய்யக் காரணமாகலாம். உங்கள் வழக்கை ரத்து செய்த உத்தரவின் நகலையும் சேர்த்தே இணைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. "சின்ன கேஸ்தானே, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று கோர்ட் வாசலில் சொல்வார்கள். ஐந்நூறு ரூபாய் அபராதமானாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். நிலுவை வழக்கோடு மல்லுக்கட்டுவதைவிட அதைச் சுமப்பது கடினம்.