மாணவர் கட்டுரைகளைச் சோதிக்க எந்த ஏஐ கண்டறி கருவியை எடுப்பது?

"திருகோணமலையில் தரம் 10 ஆங்கில ஒப்படைகளை ஏஐ எழுதியதா என்று பார்க்க ஒரு கருவி தேடுகிறோம். பிள்ளைகளின் எழுத்து வெளியே போகாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்?"

முதலில், ஏற்றிய கட்டுரை கருவி நிறுவனத்திடம் எவ்வளவு காலம் இருக்கும் என்று பாருங்கள். பல கருவிகளில் கண்டறிதலும் ஒப்புமைச் சோதனையும் ஒன்றாகவே வரும். அப்படியானால் கட்டுரை பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கான களஞ்சியத்திலும் சேரலாம். கோப்பை அழித்தாலும் அந்தப் பிரதி நிற்கக்கூடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆசிரியர் ஒருவர் புதிதாக ஒரு பக்கம் எழுதி ஏற்றட்டும், அப்புறம் அழிக்கட்டும். சில நாள் கழித்து வேறு கணக்கிலிருந்து அதையே ஏற்றுங்கள். முழுக்க ஒத்துப்போகிறது என்று வந்தால் பிரதி அங்கேதான் இருக்கிறது. ஒன்றும் வராவிட்டாலும் நம்பிவிட வேண்டாம். காப்புப் பிரதி எத்தனை நாளில் அழியும், நம் எழுத்தை வைத்துக் கருவியைப் பயிற்றுவிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தராதவர்களை விட்டுவிடலாம்.

பெயர், சுட்டெண் இல்லாமல் வெறும் உரையை மட்டும் ஒட்டுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் பிள்ளையின் பெயர் ஒளிந்திருக்கலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குட்பட்டவர்களின் தரவை விசேட வகையில் வைக்கிறது. சம்மதத்தின் பேரில் செய்வதானால் பெற்றோர் கையொப்பம் வேண்டும், பிள்ளையிடமும் கேளுங்கள். மறுப்பவர் வகுப்பிலேயே கையால் எழுதலாம் என்ற வழி இல்லாவிட்டால் அது சம்மதமே அல்ல.

ஆங்கிலம் இரண்டாம் மொழியான பிள்ளைகளின் எழுத்தை இக்கருவிகள் தவறாகப் பிடிப்பதுண்டு. ஆகவே புள்ளியை மட்டும் வைத்துத் தண்டிக்காதீர்கள், வரைவுகளைக் கேட்டுப் பாருங்கள்.