36 ரூபாய் கிளிப் கடைக்கு வரும்போது எவ்வளவு?

"சீனாவுல யிவூ மார்க்கெட் சப்ளையர் ஒருத்தர் முடி கிளட்ச் கிளிப் ஒண்ணு 40 சென்ட்டுன்னு சொல்றார். 3,000 பீஸ் எடுத்தா 1,200 டாலர். இங்க 80 ரூபாய்க்கு விக்கலாம்னு கணக்கு. டாலர் ஏறிட்டே போகுதே, அதுதான் பயம். இறங்கலாமா?" — ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

டாலரைவிட நீங்கள் பயப்பட வேண்டியது சென்னையில் வரும் பில்லுக்குத்தான். ஒரு தடவை முழுசாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலர் 90 ரூபாய், சுங்க வரி 20 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். உண்மையான வரி உங்கள் பொருளின் வகையைக் குறிக்கும் 8 இலக்க சுங்க எண்ணான எச்எஸ் கோடைப் பொறுத்தது. ஆர்டர் போடுவதற்கு முன்பே கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் கோடைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கஸ்டம்ஸ் பார்ப்பது சரக்கு விலையை மட்டும் இல்லை, கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். அவை 80 டாலர் என்றால் மொத்தம் 1,280 டாலர், அதாவது 1,15,200 ரூபாய். இதற்கு 20 சதவீதம் 23,040. அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 2,304. இதுவரை 1,40,544. இந்த முழுத் தொகைக்கும் இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் இன்னொரு 25,298. உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இதை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, விற்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும்.

இனிமேல்தான் ஆளைக் கவிழ்க்கும் இடம். உங்கள் சரக்கு ஒரு கன மீட்டர் சொச்சம்தான் இருக்கும், பலர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் வரும். அப்படி வரும்போது சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து வாடகை ரொம்ப மலிவாக, சில சமயம் இலவசம் மாதிரிகூடச் சொல்வார்கள். விட்டதை சென்னையில் வாங்கிக்கொள்வார்கள்: சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் கட்டணம், கன்டெய்னர் பிரிக்கும் கூலி, சரக்கு இறக்கி வைக்கும் சிஎஃப்எஸ் கிடங்கின் கட்டணம், ஏஜென்ட் கூலி, லாரி. எனக்கே முதல் தடவை வாடகையைப் போல பல மடங்கு பில் வந்து நின்றது, கேட்டால் "இதெல்லாம் ஸ்டாண்டர்டு சார்" என்றார்கள். அதனால் சென்னை பக்கச் செலவை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். இப்போதைக்கு அதை 22,000 என்றும், பேங்க் சார்ஜ் 2,500 என்றும் வைப்போம்.

ஐஜிஎஸ்டி நீங்கலாக மொத்தம் 1,65,044. 3,000 பீஸில் 5 சதவீதம் உடைசல், கழிவு போனால் விற்க 2,850. ஒரு கிளிப் 58 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் 67. அந்த 80 ரூபாயில் கூரியரும் பேக்கிங்கும் நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியும் போனால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். "சும்மா 500 பீஸ் எடுத்துப் பார்க்கிறேன்" என்றால் இன்னும் மோசம், சென்னைச் செலவு பெரிதாகக் குறையாது. 18,000 ஆனாலும் பீஸுக்கு அதுவே 36 ரூபாய்.

டாலர் விஷயம். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி 840 டாலர் ஏற்றுமதிக்கு முன் என்பது வழக்கம். இடையில் டாலர் 2 ரூபாய் ஏறினால் கூடுதலாக 1,680, பீஸுக்கு 60 காசுக்குள்தான். கணக்கை கூகுளில் தெரியும் ரேட்டில் போடாமல் பேங்க் விற்கும் ரேட்டில் போடுங்கள், அது எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். கஸ்டம்ஸுக்கு வேறு ரேட், சரக்கு விவரத்தை கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி போடும் நாளில் அமலில் இருக்கும் அறிவிக்கப்பட்ட ரேட். 2 ரூபாய் ஏற்றத்துக்கே நஷ்டம் வரும் என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

தரம் பார்ப்பதை மீதிப் பணம் போவதற்கு முன் முடித்தாக வேண்டும், போன பிறகு உங்கள் பேச்சு அங்கே எடுபடாது. பிடித்த சாம்பிளில் இரண்டை சீல் வைத்து, ஒன்று உங்களிடம், ஒன்று நீங்கள் அங்கே அமர்த்தும் இன்ஸ்பெக்ஷன் ஆளிடம். 3,000 பீஸுக்கு வழக்கமான முறையில் 125 எடுத்துப் பார்ப்பார்கள், எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்பதற்கான அளவான ஏக்யூஎல் 2.5 என்று சொன்னால் பெரிய குறை 7 வரை பாஸ், 8 ஆனால் ஃபெயில். எது பெரிய குறை என்பதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளட்ச் கிளிப்பில் ஸ்பிரிங்தான் உயிர், 50 தடவை திறந்து மூடச் சொல்லுங்கள், இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு வருகிறதா என்று சாம்பிளிலேயே வீட்டில் பார்த்துவிடலாம். முக்கியமாக, பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பது இன்ஸ்பெக்ஷன் ஆளாக இருக்க வேண்டும், சப்ளையர் எடுத்து நீட்டும் பெட்டியாக இருக்கக் கூடாது.

அப்புறம், "பில்லைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சப்ளையர் ஆசை காட்டுவார். பேங்க் வழியாகப் போன பணமும் பில் ஆஃப் என்ட்ரியும் ஒத்துப் போக வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி எண் இன்னும் வாங்கவில்லையென்றால் அதை முதலில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக அலுவலகமான டிஜிஎஃப்டி தளத்தில் எடுங்கள்.

இதே கிளிப்பை சென்னை பாரிமுனை மொத்தக் கடைகளில் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று ஒரு நடை விசாரித்துவிட்டு வாருங்கள். அங்கே 60 ரூபாய்க்குள் கிடைத்தால் இந்த ஆர்டரைப் போடாதீர்கள்.