சரக்கு வரும் முன் கொடுத்த அட்வான்ஸ்: எப்படி எழுதுவது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மார்ச் 25 அன்று நூல் மில்லுக்கு 60,000 ரூபாய் அனுப்பினோம். நூல் வரவில்லை. பர்சேஸில் போடலாமா சார்?

வேண்டாம் தம்பி. நூலும் வரவில்லை, பில்லும் வரவில்லை. இப்போதைக்கு அது மில்லிடம் நிற்கும் உங்கள் பணம், அவ்வளவுதான். டாலியில் F5 பேமெண்ட் வவுச்சரில் மில் டெபிட், பேங்க் கிரெடிட். பில் விவரம் கேட்கும்போது `Advance` என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர் எண்ணையே பெயராகக் கொடுங்கள்.

ஏப்ரல் 4 அன்று நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் 2,00,000, ஜிஎஸ்டி 5% 10,000. F9-இல் பர்சேஸும் ஜிஎஸ்டியும் டெபிட், மில்லுக்கு 2,10,000 கிரெடிட். அங்கே `Agst Ref` மூலம் 60,000-ஐக் கழித்துவிட்டு, மீதி 1,50,000-ஐ `New Ref` ஆக விடுங்கள்.

இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அட்வான்ஸைக் கழிக்காவிட்டாலும் மில்லின் லெட்ஜர் பாக்கி சரியாகவே காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பாக்கிப் பட்டியலில் பில் முழுசாக 2,10,000 என்று நிற்கும். அதை மட்டும் பார்த்து செக் எழுதினால் 60,000 கூடுதலாகப் போய்விடும்.

மார்ச் 31 அன்று மில் கணக்கில் டெபிட் பாக்கி இருக்கும். அதை மற்ற சப்ளையர்களுக்குத் தர வேண்டிய தொகையில் கழித்துக் காட்டாமல், சொத்துப் பக்கம் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் கம்பெனியில் இந்த மாதிரி அட்வான்ஸை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்து, பில் வந்ததும் மாற்றுகிறோம். செலவில் ஏறாதே, அப்புறம் என்ன தப்பு?

செலவில் ஏறாது என்பது சரிதான். ஆனால் யாருக்குப் போனது என்று தெரியாத பணத்துக்குத்தான் சஸ்பென்ஸ். இங்கே மில்லின் பெயர் தெரியுமே! நாலு சப்ளையர் அட்வான்ஸ் அதில் கலந்துவிட்டால், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று பிரிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும்.

எங்கள் சாயப்பட்டறைக்காரர் அட்வான்ஸுக்கு ஜிஎஸ்டி போட்டு ரசீது கொடுத்தார். முதலில் கேட்ட தம்பியின் நூல் மில்லும் கொடுக்க வேண்டாமா? அந்த வரியை நான் கிரெடிட் எடுக்கலாமா?

உங்களுடையது வேறு விஷயம். சாயம் போட்டுக் கொடுப்பது ஜாப்வொர்க், அதாவது சேவை. அதற்கு அட்வான்ஸ் வாங்கும்போதே அவர் வரி கட்ட வேண்டும். சரக்குக்கு 2017 நவம்பர் முதல் அப்படி இல்லை, பில் போடும்போது கட்டினால் போதும். கிரெடிட் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி: ரசீதை வைத்து எடுக்க முடியாது. சரக்கு வந்தோ வேலை முடிந்தோ, வரி பில் கைக்கு வந்த பிறகுதான்.

நாங்கள் அட்வான்ஸ் கொடுத்த மில் மூடிவிட்டது, பணம் திரும்பவில்லை. நஷ்டத்தில் எழுதிவிடலாமா?

உடனே வேண்டாம். நோட்டீஸ், பதில் கடிதம் எல்லாவற்றையும் ஃபைலில் வையுங்கள். வராது என்று தோன்றினால் ஒதுக்கீடு வைக்கலாம். எந்த வருடம் தள்ளுவது, வருமான வரியில் ஏற்பார்களா என்பதை உங்கள் ஆடிட்டர் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.