மாலையில் ஷூ ஏன் இறுக்குகிறது? நின்றே வேலை செய்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நர்ஸ்களும் கடை ஊழியர்களும் அனுப்பியவை. "எந்த ஷூ ரொம்ப மெத்தென்று இருக்கும்?" என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். மெத்தென்று இருப்பதற்கு முன்னால், வேலை முடியும் நேரத்தில் இருக்கும் உங்கள் கால் அந்த ஷூவுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பேன். அதனால் அதைப் பற்றிய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வார்டு நர்ஸ். 12 மணி நேர ஷிஃப்ட். காலையில் ஷூ சரியாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் மேல்பாதம் எரிகிறது, கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. தடிமனான ஜெல் இன்சோல் வாங்கி ஷூவுக்குள் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. காலை அளந்து பார்த்தேன்: காலையில் நீளம் 23.8 செ.மீ., பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22.6. டூட்டி முடிந்ததும் 24.1, 23.3. ஷூவின் சொந்த இன்சோல் 24.7 செ.மீ. நீளம். இன்னும் மென்மையான ஷூ வாங்கவா?

அளந்து அனுப்பியது மிகவும் நல்ல வேலை. பதில் உங்கள் எண்களிலேயே இருக்கிறது.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குத் திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அதை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தத் தள்ளல் குறைந்துவிடும். கால் நரம்புகளில், அதாவது சிரைகளில், அழுத்தம் கூடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து கணுக்காலிலும் பாதத்திலும் தங்கும். கூடவே உடல் எடையைத் தாங்கித் தாங்கிப் பாதமும் சற்று விரிந்துகொடுக்கும். அதனால்தான் உங்களுக்கு நீளம் 3 மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது, சுற்றளவோ 7 மில்லிமீட்டர். பெரும்பாலும் இப்படித்தான்: கால் நீளுவதைவிடப் பருப்பதே அதிகம்.

இப்போது ஷூவைப் பார்ப்போம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. அளவுக்கு இடம் வேண்டும். காலையில் உங்களுக்கு 9 மில்லிமீட்டர் இருக்கிறது, அதனால் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. மாலையில் 6தான் மிச்சம். அதன்மேல் ஜெல் இன்சோலைப் போட்டதும் பாதம் சில மில்லிமீட்டர் மேலே ஏறியது. ஷூவின் மேல்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, எங்கே வீங்குகிறதோ அங்கேயே இடத்தைக் குறைத்துவிட்டீர்கள். விரல்களுக்குப் போகும் உணர்வு நரம்புகள் பாத எலும்புகளுக்கு இடையே ஓடுகின்றன. பக்கவாட்டில் நெருக்கினால் அவை அழுந்தி விரல் மரத்துப்போகும்.

முதலில் ஜெல்லை எடுத்துவிடுங்கள். அது வேண்டுமென்றே தோன்றினால், ஷூவின் சொந்த இன்சோலை வெளியே எடுத்துவிட்டு அதன் இடத்தில் போடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வேண்டாம். அப்புறம் லேஸ். எரிகிற இடத்துக்கு மேலே மட்டும் குறுக்கே கட்டாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக அடுத்த துளைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வழக்கம்போல் குறுக்கே கட்டுங்கள். ஷிஃப்டின் நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, கீழ்ப்பகுதி லேஸைத் தளர்த்தி, மேல் முடிச்சை மட்டும் இறுக்கமாகப் போடுங்கள். குதிகால் தூக்காமல் இருக்க மேலே இறுக்கம் தேவை, விரல் பக்கம் தேவையில்லை.

அடுத்த ஷூவுக்கு உங்கள் கணக்கு 24.1 கூட்டல் 1, அதாவது இன்சோல் 25.1 செ.மீ. அளவில் இருக்க வேண்டும், அகலமும் கூடுதலாக வேண்டும். டூட்டி முடிந்த கையோடு, டூட்டிக்குப் போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் சதை ஓரத்துக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ குறுகல். மேல்துணி இழுபடும், தளரும் என்று விற்பவர் சொன்னாலும் வேண்டாம். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கே வாங்குங்கள். விடுமுறை நாளில் வெறுங்காலோடு இருக்கும்போதும் மரத்துப்போனால் காரணம் ஷூ அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துணிக்கடையில் பில் கவுண்டரில் நிற்கிறேன். கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சுமேல் நிற்பதுபோல் இருந்த ஷூ, ஒன்றிரண்டு மாதத்திலேயே உள்ளங்கால் வலியைக் கொடுக்கிறது. ஏன்?

நடக்கும்போது குஷன் ஒரு நொடி அமுங்கி உடனே மீள்கிறது. நிற்கும்போது அதற்கு மீளும் நேரமே கிடைப்பதில்லை, மணிக்கணக்கில் அமுங்கியே கிடக்கிறது. ஷூக்களில் அதிகம் பயன்படும் இவிஏ நுரைக்குள் லட்சக்கணக்கான குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. அவை நாளடைவில் நசுங்கி மீளாமலே போய்விடும். மிக மென்மையான நுரை இன்னும் சீக்கிரம் தட்டையாகும். அதற்குப் பிறகு நீங்கள் நிற்பது ஏறக்குறைய தரைமேல்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடியில் எல்லாம் அசைந்துகொடுத்தால், உடலை நேராக வைத்திருக்கக் கணுக்காலின் சிறு தசைகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். மாலையில் கெண்டைக்கால் கடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நின்று வேலை செய்பவர்களுக்கு நடுத்தரமான இறுக்கம்தான் என் தேர்வு. ஷூவுக்குள் குதிகால் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சற்று உள்ளே போய், விரலைத் திருப்பித் தள்ள வேண்டும். அடிவரை போய் முட்டினால் விட்டுவிடுங்கள். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் சோல் இவிஏவைவிடக் கனம், ஆனால் வடிவம் நீண்ட நாள் நிற்கும். நிறைய நடப்பவருக்குக் கனம் ஒரு குறை, கவுண்டரில் நிற்பவருக்கு அவ்வளவாக இல்லை.

இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் நுரை மீளவும், உள்ளே வியர்வை காயவும் அவகாசம் கிடைக்கும். ஷூ முடிந்துவிட்டதா என்பதை அடிப்பாகத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேஜைமேல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, நுரையின் பக்கச் சுவரில் ஆழமான மடிப்புகள் நிரந்தரமாக விழுந்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஒரே இடத்தில் நிற்கும் உங்களுக்கு ஷூவைவிடத் தரையைச் சரிசெய்வதே பெரிய பலன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சோர்வு குறைக்கும் ரப்பர் மேட் ஒன்றைக் கவுண்டருக்குப் பின்னால் போடச் சொல்லிக் கேளுங்கள். ஓரம் சரிவாக இருக்கட்டும், இல்லையென்றால் தடுக்கும். கூடவே 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு சிறு பலகை இருந்தால் ஒரு காலை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரத்தில் அடுத்த காலை மாற்றலாம். இடுப்புக்கும் இதம்.

எனக்குத் தட்டைப் பாதம். கடினமான ஆர்ச் சப்போர்ட் வைத்த இன்சோல் போட்டால் உள்ளங்காலில் கல்லை மிதிப்பதுபோல் இருக்கிறது. பழகிவிடுமா?

முதலில் ஒரு சோதனை. வெறுங்காலோடு நின்று, முன்விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். அப்போது பாத வளைவு எழுந்து தெரிந்தால் உங்களுடையது நெகிழ்வான தட்டைப் பாதம். ஏராளமானோருக்கு இருப்பதுதான். வலி இல்லையென்றால் அதற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேலை முடியும் நேரத்தில் உள்பக்கக் கணுக்காலும் வளைவும் கடுத்தால் மட்டும் சப்போர்ட் உதவும்.

சப்போர்ட்டின் மேடு குதிகாலுக்குச் சற்று முன்னால், பாதத்தின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும். மேடு முன்னால் தள்ளிப்போயிருந்தால் விரல்களுக்குப் பின்னாலுள்ள மென்மையான பகுதியில் குத்தும். நீங்கள் சொல்லும் கல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: இன்சோலைத் தரையில் வைத்து, குதிகாலைப் பின் ஓரத்தோடு பொருத்தி நின்று பாருங்கள். வளைவும் மேடும் ஒத்துப்போகவில்லை என்றால் அது பழகாது, மாற்றிவிடுங்கள். ஒத்துப்போனால் முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாள் ஒவ்வொரு மணி நேரம் கூட்டிப் பழகலாம். முதல் நாளே முழு ஷிஃப்டுக்குப் போட்டு, வலிக்கிறது என்று தூக்கி எறிபவர்கள் நிறைய பேர்.

ஷூ வளைந்துகொடுக்க வேண்டியது விரல்களின் அடியில் மட்டும்தான். நடுவில் மடிந்தால், உள்ளே எந்த இன்சோல் போட்டாலும் பிரயோஜனமில்லை. நடுத்தர வயதில் திடீரென்று ஒரு கால் மட்டும் தட்டையாகிக் கணுக்காலின் உள்பக்கம் வலித்தால், வளைவைத் தாங்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். அதை இன்சோலோடு தள்ளிப்போடாதீர்கள்.

தினமும் கணுக்கால் வீங்குகிறது. கம்ப்ரஷன் சாக்ஸ் போடலாமா?

இரண்டு காலும் சமமாக வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது என்றால் போடலாம். 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று குறித்த, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் வகை போதும். காலையில் வீக்கம் வருவதற்கு முன்பே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் மேல்விளிம்பு வெட்டும். சுருண்டாலோ மடித்துவிட்டாலோ அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவை அளந்து, அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

நிற்கும் இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்குவதும் வேலை செய்யும். வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில் இருபது முறை செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலை இதயத்தைவிட உயரமாக வைத்துக் கால் மணி நேரம் படுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா என்றும் பாருங்கள். கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குத் திடீரென்று முகமும் கையும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தாலும் அப்படியே.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறது. குஷன் போதவில்லையா?

குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் பாதச் சவ்வு எரிச்சலடைந்திருப்பதற்கான அடையாளம் இது. எழுவதற்கு முன் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை நீட்டியபடி அரை நிமிடம் உங்கள் பக்கம் இழுங்கள், சில முறை செய்யுங்கள். வீட்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். குதிகால் முன்பாதத்தைவிட ஒரு செ.மீ. உயரத்தில் இருக்கும் ஷூ சவ்வுக்குச் சுலபம், முழுத் தட்டையான செருப்பு தொந்தரவு. குணமாக மாதங்கள் ஆகலாம்.

நர்ஸ்கள் பின்பக்கம் திறந்த கிளாக் வகைச் செருப்பு போடலாமா? வீக்கத்துக்கு அது வசதியாக இருக்கிறதே.

மேல்பாதத்துக்கு வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதிகாலைப் பிடிக்க எதுவும் இல்லாததால் ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொண்டே நடப்பீர்கள். ஷிஃப்ட் முழுக்க அப்படி நடந்தால் உள்ளங்கால் களைத்துவிடும். அவசரத்துக்கு ஓடவும் முடியாது. மேலே துளையுள்ள கிளாக் வார்டுக்கு வேண்டவே வேண்டாம், கை தவறி விழும் ஊசியும் சிந்தும் ரத்தமும் நேராகக் காலுக்கு வரும். மேல்பகுதி மூடி, பின்பட்டை இருந்து, ஈரத் தரையில் வழுக்காத அடிப்பாகமும் துடைத்தெடுக்கக்கூடிய மேற்பரப்பும் உள்ளதாகப் பாருங்கள். வீக்கத்துக்கு இடம் வேண்டுமென்றால் லேஸோ ஒட்டும் பட்டையோ உள்ளதை வாங்கி, நடுவில் தளர்த்திக்கொள்ளுங்கள்.