30 மீட்டர் ஃபிளையிங் ஓட்டம்: சராசரி வேகத்தை எந்த ரீடிங்கில் இருந்து எடுப்பது?

"மாணவி ஒருத்தியை 30 மீட்டர் ஓடிவரவிட்டு, அதற்கடுத்த 30 மீட்டருக்கு, ஒளிக்கதிரை ஆள் வெட்டும் நொடியைக் குறிக்கும் டைமிங் கேட் வைத்து நேரம் எடுத்தேன். தொடக்கக் கோட்டில் ஒரு கேட், பிறகு 30, 40, 50, 60 மீட்டரில் ஒவ்வொன்று. ரீடிங்: 0.00, 4.71, 5.94, 7.13, 8.39. 60-ஐ 8.39-ஆல் வகுத்தால் 7.15 வருகிறது. மூன்று பத்து மீட்டருக்கும் தனித்தனியாக வேகம் பார்த்து, கூட்டி மூன்றால் வகுத்தால் 8.16 வருகிறது. எதை எழுதுவது? நடுவில் மட்டும் வேகம் ஏறி இறங்குகிறதே, அது உண்மையா?"
– உடற்கல்வி ஆசிரியர், மன்னார்குடி பக்கம்

இரண்டையும் எழுத வேண்டாம். விநாடிக்கு 8.15 மீட்டர் என்று எழுதுங்கள். நடுவில் வேகம் ஏறி இறங்கியதாகத் தெரிவது பெரும்பாலும் பிள்ளையின் ஓட்டம் அல்ல, 50 மீட்டர் கேட்டின் கோளாறு. ஆனால் அந்தக் கோளாறு 8.15-ஐத் தொடவே இல்லை.

முதலில் கணக்கு. உங்கள் கடிகாரம் தொடக்கக் கோட்டில் ஓட ஆரம்பிக்கிறது. அதனால் 8.39-க்குள் நின்ற நிலையில் இருந்து வேகம் பிடிக்கும் முதல் 30 மீட்டரும் அடங்கியிருக்கிறது. ஃபிளையிங் ஓட்டத்தில் நமக்கு அந்தப் பகுதி வேண்டாம். 60 மீட்டர் ரீடிங்கில் இருந்து 30 மீட்டர் ரீடிங்கைக் கழித்தால் 8.39 − 4.71 = 3.68 விநாடி. 30-ஐ 3.68-ஆல் வகுத்தால் 8.15. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பிள்ளைகள் கேட்பார்கள், 3.6-ஆல் பெருக்கினால் 29.3. கணினியில் விரிதாளாக வைத்திருந்தால், இரண்டாம் வரியில் B முதல் E வரையிலான கட்டங்களில் 30, 40, 50, 60 மீட்டர் ரீடிங்குகளை வரிசையாகப் போட்டு இப்படி எழுதலாம்:

```
=30/(E2-B2)
```

இதில் C, D இரண்டுக்கும் வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

7.15-க்கும் 8.15-க்கும் நடுவே உள்ள தூரம் சின்னது அல்ல. 2009-ல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். மொத்த ஓட்டத்துக்குச் சராசரி பார்த்தால் விநாடிக்கு 10.44 மீட்டர். அதே ஓட்டத்தில் 60-லிருந்து 80 மீட்டர் வரையிலான துண்டை மட்டும் எடுத்தால் 1.61 விநாடி, அதாவது 12.42. ஆள் ஒருவர், ஓட்டம் ஒன்று, கேள்விதான் வேறு. தொடக்கம் கலந்த எண்ணை ஃபிளையிங் வேகம் என்று பதிவேட்டில் எழுதினால், அடுத்த மாதம் பிள்ளை தொடக்கத்தில் மட்டும் தேறியிருந்தாலும் உச்ச வேகம் கூடிவிட்டதாகத் தோன்றும்.

அடுத்து உங்கள் 8.16. மூன்று துண்டுகளும் முறையே 1.23, 1.19, 1.26 விநாடி. வேகங்கள் 8.13, 8.40, 7.94. இவற்றைக் கூட்டி மூன்றால் வகுப்பது ஏன் தவறு? தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போகும்போது மணிக்கு 60-லும் திரும்பும்போது 40-லும் வந்தால் சராசரி 50 என்று வாய் சொல்லிவிடும். போக 40 நிமிடம், வர 60 நிமிடம். 100 நிமிடத்தில் 80 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 48தான். மெதுவாகப் போன தூரத்தில் அதிக நேரம் கழிகிறது, அதனால் மெதுவான வேகத்துக்கு எடை கூடுதல். வேகங்களை வெறுமனே கூட்டி வகுக்கும்போது அந்த எடை தொலைந்துபோய், விடை எப்போதும் கொஞ்சம் மேலேதான் நிற்கும். உங்கள் விஷயத்தில் மூன்று வேகங்களும் நெருங்கியிருப்பதால் 0.01தான் வித்தியாசம். ஓடிவர 10 மீட்டர் மட்டும் விட்டு, பிள்ளை இன்னும் வேகம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அளந்தால் இந்த இடைவெளி பெரிதாகும்.

இனி அந்த ஏற்ற இறக்கம். 8.13-ல் இருந்து 8.40-க்கு ஏறி, அடுத்த பத்து மீட்டரிலேயே 7.94-க்கு விழுவது முழு மூச்சாக ஓடும் பிள்ளைக்கு இயல்பு அல்ல. தடுக்கியிருந்தாலோ கடைசியில் தளர்த்தி விட்டிருந்தாலோ தவிர, 1.22, 1.23 என்று ஒட்டித்தான் வர வேண்டும். 50 மீட்டர் கேட் 0.03 விநாடி முன்னதாக அடித்துவிட்டது என்று வைத்துப் பாருங்கள். 7.13 என்பது 7.16 ஆகிவிடும். துண்டுகள் 1.23, 1.22, 1.23 என்று சமமாக அமர்ந்துவிடும். ஒரு துண்டு எவ்வளவு குறைகிறதோ, அடுத்தது அவ்வளவே கூடுகிறது என்றால் நடுவில் நிற்கும் கேட் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். ஒன்றில் களவு போனது மற்றதில் வந்து சேர்ந்துவிடுவதால் 3.68 அப்படியே இருக்கிறது.

0.03 விநாடி என்பது இந்த வேகத்தில் சுமார் 25 சென்டிமீட்டர். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒற்றைக் கதிர் கேட் என்றால், மார்புக்கு முன்னால் வீசி வரும் கை கதிரை முதலில் வெட்டியிருக்கும். இல்லையென்றால் கேட்டே 25 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கு இரண்டு முறை ஓடவிடுங்கள். எல்லோருக்கும் 40–50 துண்டு குறைந்து 50–60 கூடினால், கேட் நின்ற இடம் தவறு. ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல், அதே பிள்ளைக்கும் ஒரு முறை வந்து மறுமுறை வராமல் இருந்தால் அது கையின் வேலை. இரண்டு கதிரும் ஒரே நேரத்தில் மறைந்தால் மட்டுமே அடிக்கும் இரட்டைக் கதிர் கேட்டில் இந்தக் கைத் தொல்லை பெரிதும் குறையும்.

கேட் நின்ற இடத்தைச் சரிபார்க்க முக்காலியின் காலைப் பார்த்துப் பயனில்லை. ஓடுபவர் கடப்பது கதிரை, முக்காலியை அல்ல. ஒரு கம்பை எடுத்து, ஓடும் தடத்தின் நடுவில், கதிரின் உயரத்தில் பின்னாலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வாருங்கள். கேட் அடிக்கும் நொடியில் நிறுத்தி, கம்பின் நுனியில் இருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். குண்டு தொடும் புள்ளியை டேப்பில் படியுங்கள். 50.00 என்று நினைத்தது 49.76 என்று வந்தால் விஷயம் முடிந்தது. இருபக்கக் கம்பங்களில் ஒன்று மட்டும் 20 சென்டிமீட்டர் விலகியிருந்தால், தடத்தின் நடுவில் கதிர் 10 சென்டிமீட்டர் விலகும். ஓரமாக ஓடுகிறவருக்கு வேறு அளவு. கதிர் தடத்துக்குக் குறுக்கே நேராக இருக்கிறதா என்பதற்கு வீடு கட்டும்போது மூலை பார்க்கும் அதே 3-4-5 கணக்கு போதும். கம்பங்களுக்கு நடுவே 2 மீட்டர் என்றால், தடத்தோடு 1.5 மீட்டர் குறித்து, மூலைவிட்டம் 2.5 வருகிறதா என்று பாருங்கள். தூரத்தையும் பத்துப் பத்தாகத் தாண்டித் தாண்டி அளக்காமல், டேப்பின் பூஜ்யத்தை 30 மீட்டர் கோட்டில் வைத்து ஒரே இழுப்பில் 10, 20, 30 குறியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தாண்டலின் பிழையும் அடுத்ததோடு சேரும்.

நடு கேட் பிசகினால் பெரிய நட்டம் இல்லை. 30 மீட்டர் கேட்டோ 60 மீட்டர் கேட்டோ பிசகினால்தான் சராசரி கெடும். அதே 0.03 விநாடி, 30 மீட்டர் கேட்டில் முன்னதாக அடித்திருந்தால் நேரம் 3.71 ஆகி வேகம் 8.09-க்கு இறங்கும். 60 மீட்டர் கேட்டில் அடித்திருந்தால் 3.65, வேகம் 8.22. பிள்ளை ஓடியது ஒன்றுதான்; தாளில் 0.13 வித்தியாசம். ஒரு மாதப் பயிற்சிக்குப் பிறகு 0.13 கூடினால் நாம் மகிழ்ந்துபோவோம் இல்லையா? அதனால்தான் இந்த இரண்டு கேட்டையும் மற்றவற்றைவிடப் பாடுபட்டு நிறுத்தச் சொல்கிறேன். இரண்டும் ஒரே அளவு முன்னதாக அடித்தால் பிழை கழிந்துபோகும். ஆகவே இரண்டின் கதிர் உயரமும் ஒன்றாக இருக்கட்டும்: ஓடுபவரின் இடுப்பளவு என்றால் இரண்டும் இடுப்பளவு. அந்த உயரத்தை அங்கங்கே தரையில் இருந்து அளக்க வேண்டும். நம் மண் மைதானங்களில் ஒரு முனை பள்ளமாக இருப்பது சாதாரணம், மட்டக்குழாய் பிடித்துச் சமப்படுத்தினால் பள்ளத்தில் கதிர் நெஞ்சுக்கு ஏறிவிடும். ஓடுபவர் கடைசி கேட்டைப் பார்த்தே மட்டுப்படுத்தாமல் இருக்க, அதற்கு 10 மீட்டர் தள்ளி ஒரு கூம்பு வைத்து அதுவரை ஓடச் சொல்லுங்கள்.

பதிவேட்டில் இரண்டு தசமத்துக்கு மேல் எழுதாதீர்கள். கேட் நூறில் ஒரு விநாடி வரை காட்டுகிறது. இரண்டு ரீடிங்கைக் கழிக்கும்போது 0.01 அங்கே இங்கே இருக்கலாம். 3.68-ல் அந்த 0.01 விநாடி வேகத்தை 0.02 மட்டுமே அசைக்கும். 1.22 விநாடியான பத்து மீட்டர் துண்டிலோ அதே 0.01 வேகத்தை 0.07 அசைத்துவிடும். 8.40-தான் இவளுடைய உச்ச வேகம் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது இன்னொரு காரணம். துண்டுகளை வேறு ஒன்றுக்காகப் பாருங்கள்: முதல் துண்டு மற்ற இரண்டைவிட எப்போதும் நீளமாக வந்தால், ஓடிவர விட்ட 30 மீட்டர் அவளுக்குப் போதவில்லை. உங்கள் ரீடிங்கில் அந்த அறிகுறி இல்லை.

ஆடி மாதத்தில் அளப்பதாக இருந்தால் ஒரு கூடுதல் கவனம். மேல்காற்று முதுகில் தள்ள ஓடிய நேரத்தையும் எதிர்த்து ஓடிய நேரத்தையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். திசையைத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். முக்காலிக் கால்களில் மணல் பை கட்டுங்கள், காற்றில் கம்பம் ஆடினால் ஆள் கடக்காமலே கேட் அடிக்கும். வடக்கு தெற்காக ஓடும் தடம் என்றால் கதிர் கிழக்கு மேற்காக அமையும். மாலை வெயில் உணரியின் கண்ணில் நேராக விழாதபடி உணரியை மேற்குப் பக்கத்தில் கிழக்கு நோக்கி நிறுத்துங்கள், பிரதிபலிப்பான் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். காலையில் அளந்தால் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.