பழைய எழுத்துருவில் உள்ள வாடகைப் பத்திரம்: மறுபடி தட்டச்சுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: 2007-ல் டிடிபி கடையில் அடித்த எங்கள் வீட்டு வாடகைப் பத்திரங்கள் வேர்டு கோப்பாக இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் "tPl;L thlif xg;ge;jk;" என்று வருகிறது. 40 பக்கத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய, பக்கத்துக்கு 60 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கோப்பு கெடவில்லை. நீங்கள் அனுப்பியது பாமினி எழுத்துருவில் அடித்தது. "வீட்டு வாடகை ஒப்பந்தம்" என்பதுதான் அது. அந்த எழுத்துருவில் t என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் வ-வின் வடிவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளியையும் வைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. ஆங்கில எழுத்துக்கு நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் முதலில் பாமினியைச் சந்தேகியுங்கள். "à®" என்று திரும்பத் திரும்ப வந்தால் அது பழைய எழுத்துரு அல்ல. யூனிகோடு தமிழைக் கணினி தவறாகப் படித்திருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் எழுத்து போய்விட்டது, மீட்க முடியாது.

உங்களுக்கு NHM Converter என்ற இலவச மென்பொருள் போதும். உள்ளீட்டில் பாமினி, வெளியீட்டில் யூனிகோடு என்று தேர்ந்தெடுங்கள். உங்கள் கணினியிலேயே வேலை செய்வதால், வங்கிக் கணக்கு எண் உள்ள பத்திரத்தை முகம் தெரியாத இணையதளத்தில் ஒட்ட வேண்டியதில்லை. முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அரைகுறையாகத் தமிழ் வந்தால் உள்ளீட்டைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். வானவில், டிஸ்கி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

மாற்றுவதற்கு முன் கோப்பில் கைவைக்காதீர்கள். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாமினியில் f என்றால் க, F என்றால் கு. வரியின் தொடக்கத்தில் எதையாவது திருத்தினால் வேர்டு தானாகவே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். "கடந்த" என்பது "குடந்த" ஆகிவிடும். அசல் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

பத்திரத்துக்குள் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களும் மின்னஞ்சல் முகவரியும் மாற்றத்தில் அர்த்தமற்ற தமிழாகிவிடும். அவற்றை அசலிலிருந்து கையால் எடுத்து ஒட்ட வேண்டும். எண்கள் அப்படியே நிற்கும்; இருந்தாலும் வாடகைத் தொகை, முன்பணம், தேதி மூன்றையும் கையெழுத்திட்ட காகிதப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். இந்தச் சரிபார்ப்புக்கு உங்களுக்கு நேரமில்லை என்றால், மெய்ப்புப் பார்ப்பதற்கு மட்டும் கூலி பேசுங்கள். மறுபடி அடித்தால் புதுப் பிழைகள்தான் சேரும்.